ரெக்ரூட்டருக்குப் பதில் எழுதுவது எப்படி: தொனி, நீளம், ஃபாலோ-அப்

"ஹாய், நாளைக்கு 4 மணிக்குப் பேசலாமா?" என்று ரெக்ரூட்டர் கேட்கிறார். "ஓகே" என்று பதில் போகிறது. நேர்காணல் ரவுண்டு முடிகிறது. பத்து நாள் சத்தமே இல்லை. உடனே அதே ஆளுக்கு, "மதிப்பிற்குரிய மேடம், தங்களுடைய பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும்" என்று தொடங்கி ஏழு வாக்கியத்தில் ஒரு மெயில் போகிறது. பள்ளியில் எழுதிய லீவ் லெட்டரின் நடை அது. முதல் பதில் தேவையை விடச் சிறியது, கடைசி மெயில் தேவையை விடப் பெரியது. இரண்டையும் எழுதியது ஒரே ஆள் என்று படிப்பவரால் நம்ப முடியாது. ஃபாலோ-அப் விறைப்பாகத் தெரிவதற்குக் காரணம் அந்த மெயிலில் மட்டும் இல்லை. அதற்கு முன் போன பதில்களிலேயே கோளாறு தொடங்கிவிட்டது.

அதனால் இந்த வழிகாட்டி ஃபாலோ-அப்பில் தொடங்கவில்லை, முதல் பதிலில் தொடங்குகிறது. எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சூழல்: சென்னையில் உள்ள ஒரு ஐடி நிறுவனத்தின் சொந்த ரெக்ரூட்டரோடு, நான்கு வருட அனுபவமுள்ள ஒரு டெஸ்டிங் இன்ஜினியர் மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் பேசுவது. மாதிரிக்கு ரெக்ரூட்டரைத் திவ்யா என்றும் விண்ணப்பிப்பவரைக் கார்த்திக் என்றும் வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட மெயில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். கீழே உள்ள மாதிரிகளைத் தமிழில் தந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போது வாக்கியங்களின் எண்ணிக்கையும் வரிசையும் இப்படியே இருந்தால் போதும்.

## 1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

திவ்யாவோடு நடந்த உரையாடல் முழுவதையும் திறந்து வையுங்கள். கடைசி மெயில் மட்டும் போதாது. தொனி என்பது ஒரு மெயிலில் தெரிவதில்லை, இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

அதோடு இந்த நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: பதவியின் பெயரும் ஜாப் ஐடியும், தற்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட். நோட்டீஸ் 90 நாள் என்றால் அதைக் குறைக்க வழி உண்டா, பைஅவுட் உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை கைவசம் இல்லாதவர்தான் "விரைவில் தெரிவிக்கிறேன்" என்று ஒரு பதிலும், பிறகு விவரத்தோடு இன்னொரு பதிலும் அனுப்புவார். ஒரு மெயிலுக்கு இரண்டு பதில் போனால் நீளத்தைப் பொருத்திப் பார்க்கும் பேச்சே எழாது.

தொலைபேசியில் பேசியிருந்தால், அவர் என்றைக்குள் என்ன சொல்வதாகச் சொன்னார் என்பதை அழைப்பு முடிந்த உடனே எழுதி வையுங்கள். எட்டாவது படியில் இந்த ஒரு வரிதான் ஃபாலோ-அப்பைத் தாங்கப்போகிறது.

## 2. டெம்ப்ளேட் எது, அவரே எழுதியது எது என்று பிரியுங்கள்

முதலில் வரும் மெயில் பெரும்பாலும் டெம்ப்ளேட். "கிரீட்டிங்ஸ் ஃப்ரம்" என்று நிறுவனத்தின் பெயரோடு தொடங்கும். நிறுவனத்தைப் பற்றி ஒரு பத்தி, வேலை விவரம் அரைப் பக்கம், கடைசியில் நிரப்பித் தர ஒரு அட்டவணை. உங்கள் பெயர் மட்டும் வேறு எழுத்துருவிலோ வேறு அளவிலோ இருந்தால், ஒட்டிய இடம் அதுதான். அதே மெயில் அன்று பல பேருக்குப் போயிருக்கும்.

இதன் தொனியைப் பின்பற்ற வேண்டாம், ஏனென்றால் அது திவ்யாவின் தொனியே இல்லை. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. டெம்ப்ளேட் நீளமாக இருக்கிறதே என்று தாங்களும் ஒரு பக்கம் எழுதுகிறார்கள். படித்த பள்ளி முதல் கற்றுக்கொண்ட டூல் வரை எல்லாம் அதில் வந்துவிடுகிறது. அவருக்குத் தேவைப்பட்டது அட்டவணை மட்டும்தான். அதை நிரப்பி, மேலே இரண்டு வாக்கியம், கீழே ரெஸ்யூமே இணைப்பு என்று அனுப்பினால் போதும். அட்டவணையில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். காலிக் கட்டம் இருந்தால் அதைக் கேட்க அவர் இன்னொரு மெயில் எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாவது மெயிலில்தான் ஆள் தெரிவார். மாதிரியில் அது இப்படி இருந்தது:

> ஹாய் கார்த்திக், விவரங்களுக்கு நன்றி. நாளை மாலை 4 மணிக்கு ஒரு 15 நிமிடம் பேசலாமா?
> திவ்யா

இதுதான் நீங்கள் அளவெடுக்க வேண்டிய மெயில். அதற்கு முன் வந்ததை மறந்துவிடலாம். காலண்டர் அழைப்பு, "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று கணினி தானாக அனுப்பும் மெயில் ஆகியவையும் கணக்கில் சேராது.

## 3. நான்கு இடத்தில் அளவெடுங்கள்

தொனி என்றாலே ஏதோ உணர்வு சார்ந்த விஷயம் என்று நினைத்து மிரள வேண்டாம். மெயிலில் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது விளிப்பு. "ஹாய் கார்த்திக்" என்கிறாரா, "டியர் கார்த்திக்" என்கிறாரா, "டியர் மிஸ்டர்" என்று தொடங்குகிறாரா, விளிப்பே இல்லாமல் நேராக விஷயத்துக்கு வருகிறாரா?

இரண்டாவது வாக்கியங்களின் எண்ணிக்கை. சொற்களை எண்ணாமல் வாக்கியங்களை எண்ணுங்கள். கண்ணுக்குப் படுவது அதுதான். திவ்யாவின் மெயிலில் இரண்டு.

மூன்றாவது கேள்விகளின் எண்ணிக்கை. இங்கே ஒன்று. ஐந்தாவது படியில் நீளத்தை முடிவு செய்ய இது தேவைப்படும்.

நான்காவது முடிப்பு. வெறும் பெயரா, "தேங்க்ஸ், திவ்யா"வா, "வார்ம் ரிகார்ட்ஸ்" என்று முழுப் பெயரும் பதவியும் உள்ள கையொப்பமா? ஒரு எச்சரிக்கை: கீழே தானாகச் சேரும் நிறுவனக் கையொப்பத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்கு மேலே அவர் தட்டெழுதிய பெயர்தான் கணக்கு. பலர் அந்தத் தானியங்கிக் கையொப்பத்தைப் பார்த்து, "ஓ, ரொம்ப ஃபார்மல் போலிருக்கிறது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

## 4. முதலில் பதில், பிறகு தொனி

இந்த வரிசை முக்கியம். தொனியை முதலில் யோசித்தால் விளிப்பும் நன்றியும் வணக்கமுமாக மூன்று வரி சேர்ந்துவிடும், கேட்ட கேள்விக்கான பதில் நாலாவது வரிக்குப் போகும். ரெக்ரூட்டர் உங்கள் மெயிலைப் பெரும்பாலும் போனில் பார்க்கிறார். அறிவிப்பில் அவருக்குத் தெரிவது அனுப்பியவர் பெயர், தலைப்பு, முதல் வரியின் ஒரு பகுதி அவ்வளவுதான். அந்த இடத்தில் "தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்று இருந்தால், திறக்காமலே பிறகு பார்க்கலாம் என்று அவர் தள்ளிவைத்துவிடலாம்.

ஆகவே முதலில் விஷயத்தை மட்டும் எழுதுங்கள், விளிப்புகூட வேண்டாம்:

> நாளை 4 மணி சரி. 15 நிமிடம் பேசலாம். ரெஸ்யூமேயில் உள்ள எண்ணிலேயே அழைக்கலாம்.

இப்போது இதற்குத் தலையும் காலும் வையுங்கள்:

> ஹாய் திவ்யா, நாளை மாலை 4 மணிக்குப் பேசலாம். ரெஸ்யூமேயில் உள்ள எண்ணிலேயே அழையுங்கள்.
> நன்றி, கார்த்திக்

வெறும் "ஓகே" எங்கே பிசகுகிறது என்பது இங்கே தெரியும். நேரத்தைத் திரும்பச் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை. நாள் முழுக்க வேட்பாளர்களோடு நேரம் குறிப்பவருக்கு, எதற்கு ஓகே என்று மேலே போய்த் தேடாமல் அந்த ஒரு வரியிலேயே உறுதி கிடைத்துவிடும்.

## 5. நீளத்தை முடிவு செய்யுங்கள்

அவர் எழுதிய வாக்கியங்களுக்குச் சமமாக, அல்லது ஒன்று கூடுதலாக. இதுதான் பொது அளவு. இரண்டு வாக்கியம் வந்தால் இரண்டு அல்லது மூன்று.

ஆனால் கேள்விகளின் எண்ணிக்கை இந்த அளவை மீறலாம், மீறட்டும். "எதிர்பார்ப்பு எவ்வளவு, நோட்டீஸ் எத்தனை நாள், வேறு ஆஃபர் கையில் இருக்கிறதா?" என்று ஒரே வாக்கியத்தில் மூன்று கேள்வி வரும். அதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லப் போனால் ஒன்று விடுபடும், விடுபடுவது பெரும்பாலும் சங்கடமான கேள்விதான். கேள்விக்கு ஒரு வரி என்று, கேட்ட வரிசையிலேயே எழுதுங்கள்:

> ஹாய் திவ்யா,
> எதிர்பார்ப்பு: 11 லட்சம்
> நோட்டீஸ்: 60 நாள், 30 நாளுக்குக் குறைக்க வாய்ப்பு உண்டு
> வேறு ஆஃபர்: இப்போது இல்லை
> நன்றி, கார்த்திக்

இது சிறிய மெயில்தான், அவருடைய வேகத்துக்கும் பொருந்துகிறது. இதை அப்படியே எடுத்து மேனேஜருக்கு அனுப்பவும் முடியும். விளக்கம் கேட்டால் மட்டும் விளக்குங்கள். "ஏன் 11 லட்சம் என்றால்" என்று அவர் கேட்காமலே ஒரு பத்தி எழுதினால், உங்கள் எண்ணில் உங்களுக்கே நம்பிக்கை இல்லாதது போல இருக்கும்.

நீளமான மெயில் வந்தால்? அது டெம்ப்ளேட்டாக இல்லாமல், உங்கள் ரெஸ்யூமேயைப் படித்துவிட்டு அவரே எழுதிய மெயிலாக இருந்தால், இரண்டு வரியில் பதில் போடுவது அலட்சியம். "உங்கள் ஆட்டோமேஷன் அனுபவம் இந்தக் குழுவுக்குப் பொருந்தும், ஆனால் இங்கே ஏபிஐ டெஸ்டிங் அதிகம்" என்று அவர் எழுதியிருந்தால், அந்த ஏபிஐ டெஸ்டிங்கைப் பற்றி உங்கள் பதிலில் இரண்டு வாக்கியமாவது இருக்க வேண்டும். அவர் நேரம் செலவழித்த இடத்தில்தான் நீங்களும் செலவழிக்க வேண்டும்.

## 6. தொனியில் அவரைவிட ஒரு படி மேலே நில்லுங்கள்

அவருக்குச் சமமாக இறங்க வேண்டாம், ஒரு படி மட்டும் மரியாதையாக இருங்கள். அவர் விளிப்பே இல்லாமல் எழுதினால் நீங்கள் "ஹாய் திவ்யா" என்று தொடங்குங்கள். அவர் "ஹாய்" என்றால் நீங்களும் "ஹாய்" என்று தொடங்கி முழு வாக்கியங்களில் எழுதுங்கள். "டியர் கார்த்திக்" என்றால் "டியர் திவ்யா". இரண்டு படி மேலே போய்விட்டால் லீவ் லெட்டர் நடை வந்துவிடும்.

பெயரைச் சொல்லி விளிப்பதில்தான் நம் ஊரில் கை தயங்கும். ஹெச்ஆர் என்றால் பெரியவர், பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று "மேம்", "சார்" என்றே எழுதுகிறோம். அவரே "திவ்யா" என்று மட்டும் கையெழுத்திட்ட பிறகும் "ரெஸ்பெக்டட் மேம்" என்று எழுதினால், அவர் நீட்டிய கையைத் தொடாமல் தூரத்தில் நின்று கும்பிடுவது போல ஆகிவிடும். ஐடி நிறுவனங்களில் அவர் வயதில் மூத்தவராக இருந்தாலும் பெயர் சொல்வதே வழக்கம். பேச்சில் "மேம்" என்று வாயில் வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தில் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஒரகடம், ஓசூர் பக்கம் உள்ள தொழிற்சாலைகளிலும், பழைய குடும்ப நிறுவனங்களிலும், கல்லூரி நிர்வாகங்களிலும் ஹெச்ஆர் "டியர் மிஸ்டர் கார்த்திக்" என்று தொடங்கி "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் அப்ளிகேஷன்" என்று எழுதலாம். அங்கே "ஹாய்" என்று போனால் முதல் வரியிலேயே புருவம் உயரும். அவர் எழுதியதைப் பார்த்து அளவெடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். எந்தத் துறைக்கு எந்தத் தொனி என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

அவர் செய்தாலும் நீங்கள் செய்யக் கூடாதவை சில உண்டு. ஆங்கிலச் சொற்களைக் குறுக்கி எழுதுவது, எழுத்துப்பிழை, ஆச்சரியக்குறிகளை அடுக்குவது ஆகிய மூன்றையும் பின்பற்ற வேண்டாம். அவசரத்தில் எழுதும் உரிமை அவருக்கு இருக்கிறது, ஆனால் உங்கள் மெயில் அடுத்த ஆளுக்கும் ஃபார்வர்டு ஆகலாம். அவர் சிரிப்பு எமோஜி போட்டால், மெயிலில் அதற்குப் பதில் எமோஜி தேவையில்லை. வாட்ஸ்அப்பில் ஒன்று போட்டால் தவறில்லை.

## 7. அன்றே அனுப்ப வேண்டிய அந்த ஒரு வரி

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஃபாலோ-அப் இயல்பாக இருக்குமா விறைப்பாக இருக்குமா என்பது பாதி இங்கேயே முடிவாகிவிடும்.

புதன்கிழமை மேனேஜர் ரவுண்டு முடிந்தது. மாலையில் திவ்யாவிடமிருந்து இப்படி வருகிறது:

> ஹாய் கார்த்திக், ஃபீட்பேக் நன்றாக வந்திருக்கிறது. அடுத்த கட்டம் பற்றி வெள்ளிக்குள் சொல்கிறேன்.

இதில் கேள்வி இல்லை என்பதால் பதில் வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம். அல்லது மகிழ்ச்சியில், வாய்ப்பு தந்ததற்கும் நம்பிக்கை வைத்ததற்கும் நிறுவனத்துக்கும் மேனேஜருக்கும் நன்றி சொல்லி எட்டு வரி எழுதுகிறோம். இரண்டும் வேண்டாம்.

> நல்ல செய்தி, நன்றி திவ்யா. அப்படியானால் வெள்ளி வரை காத்திருக்கிறேன்.

"வெள்ளி" என்ற சொல் உங்கள் பதிலிலும் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் விஷயம். இப்போது அந்தத் தேதி இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதாகிவிட்டது. வெள்ளி தாண்டி நீங்கள் கேட்கும்போது அது நச்சரிப்பாகத் தெரியாது, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வதாகவே இருக்கும். பதிலே போடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று "வெள்ளிக்குள் சொல்வதாகச் சொன்னீர்களே" என்றால், கணக்கு வைத்திருந்து கேட்பது போலத் தொனிக்கும்.

அவர் தேதியே சொல்லவில்லை என்றால், இந்த இடத்தில் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: "நன்றி திவ்யா. அடுத்த புதன்கிழமை வாக்கில் கேட்டுப் பார்க்கலாமா?" பெரும்பாலும் "சரி" என்றுதான் வரும். அந்தச் சரி கிடைத்துவிட்டால் கேட்பதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

## 8. ஃபாலோ-அப்

வெள்ளி போய்விட்டது, பதில் இல்லை.

எப்போது அனுப்புவது? வெள்ளி மாலையிலேயே வேண்டாம், அவர் சொன்ன நாள் இன்னும் முடியவில்லை. சனியன்று வாக்-இன் டிரைவ் நடத்தும் நிறுவனங்களில் திங்கள் காலை முழுக்க அதன் வேலை குவிந்திருக்கும். செவ்வாய் காலை 11 மணி வாக்கில் அனுப்புவது நல்லது. இரவு 11 மணிக்குத் தோன்றினால் எழுதி, ஜிமெயிலில் ஷெட்யூல் செய்து வையுங்கள். இரவில் வரும் ஃபாலோ-அப்பில், எழுத்தில் இல்லாத பதற்றத்தை நேரமே காட்டிக்கொடுத்துவிடும்.

எதில் அனுப்புவது? அதே மெயில் தொடரில், அவருடைய கடைசி மெயிலுக்குப் பதிலாக. தலைப்பைத் தொடாதீர்கள். தலைப்பை மாற்றினால் ஜிமெயிலில் அது தனித் தொடராகப் பிரிந்துவிடும், பழைய பேச்சோடு சேர்ந்து தெரியாது. பிறகு நீங்கள் யார், எந்தப் பதவி என்று மறுபடி அறிமுகம் செய்துகொள்ள நேரும். விறைப்பு நுழைவது அந்த அறிமுகத்தில்தான். யாராவது சிசி-யில் இருந்தால் அவர்களை நீக்காமல் ரிப்ளை ஆல் கொடுங்கள். நேர்காணல் நேரம் குறிப்பவர் அதில் இருக்கலாம்.

என்ன எழுதுவது? முதலில் வழக்கமாகப் போகும் மெயிலைப் பாருங்கள்:

> மதிப்பிற்குரிய மேம், வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கடந்த புதன்கிழமை தங்கள் நிறுவனத்தில் நடைபெற்ற நேர்காணலில் கலந்துகொண்டேன் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அதன் முடிவு குறித்து இதுவரை எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. நான் இந்த வாய்ப்பில் மிகுந்த ஆர்வத்துடன் உள்ளேன். தயவுசெய்து நிலையை விரைவில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இலக்கணப்படி தவறு ஒன்றுமில்லை. ஆனால் "ஹாய் கார்த்திக்" என்று எழுதியவருக்கு இது வேறு யாரோ அனுப்பியது போலிருக்கும். "இதுவரை எந்தத் தகவலும் கிடைக்கவில்லை" என்ற வரி பணிவான சொற்களுக்கு நடுவே குற்றச்சாட்டாக நிற்கிறது. கடைசியில் அவரிடம் கேட்பது "நிலை". அதற்கு என்ன பதில் சொல்வது? முடிவு வராதவரை அவரிடமும் பதில் இல்லை. ஆகவே மெயில் கிடப்பில் போகும்.

இதே செய்தி திவ்யாவின் அளவில்:

> ஹாய் திவ்யா, அடுத்த கட்டம் வெள்ளிக்குள் தெரியும் என்றீர்கள். அடுத்த ரவுண்டு இந்த வாரம் இருக்குமா, அல்லது அடுத்த வாரம் ஆகுமா? வியாழன் தவிர எல்லா நாளும் மாலை 3 மணிக்கு மேல் எனக்குத் தோதுப்படும்.
> நன்றி, கார்த்திக்

மூன்று வாக்கியம். முதல் வாக்கியம் அவர் சொன்ன சொல்லையே எடுத்துக்கொள்கிறது. "அடுத்த கட்டம்" என்று அவர் எழுதியிருந்தால் நீங்களும் அதையே எழுதுங்கள், "நேர்காணல் முடிவு" என்று மாற்ற வேண்டாம். இரண்டாவது வாக்கியம், அவர் போனிலேயே நாலு சொல்லில் பதில் தட்டிவிடக்கூடிய கேள்வி. "அடுத்த வாரம்" என்றோ "இன்னும் தெரியவில்லை" என்றோ சொல்லிவிடலாம். மூன்றாவது வாக்கியம் அவர் அடுத்து எழுத வேண்டியிருந்த ஒரு மெயிலைக் குறைக்கிறது. ஆர்வமாக இருப்பதாகத் தனியாக எழுதவில்லை, நேரத்தைச் சொன்னதிலேயே அது வந்துவிட்டது.

ஒரே ஒரு கேள்விதான் என்பதைக் கவனியுங்கள். சம்பளம், இடம், ஹைப்ரிட் நாட்கள் எல்லாவற்றையும் இதிலேயே கேட்கத் தோன்றும். கேட்டால், தெரிந்த ஒன்றுக்குப் பதில் எழுத வேண்டியவர் தெரியாத மூன்றுக்காகக் காத்திருப்பார்.

திவ்யாவிடமிருந்து பதில்: "மேனேஜர் லீவில் இருக்கிறார், திங்கள்தான் வருவார்." மறுபடியும் ஏழாம் படி: "சரி திவ்யா, திங்களுக்குப் பிறகு கேட்கிறேன்." பிறகு திங்கள் கேட்காமல் புதன் கேளுங்கள். லீவு முடிந்து வருபவர் முதல் நாளே உங்கள் ஃபைலைத் திறக்க மாட்டார்.

இரண்டாவது ஃபாலோ-அப் முதலாவதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இங்கே உள்ளுணர்வு நேர் எதிராக இழுக்கும், பதில் வராவிட்டால் இன்னும் விளக்கமாக எழுதத் தோன்றும். விளக்கம் குறைவாக இருந்ததால் அவர் பதில் எழுதாமல் இருக்கவில்லை.

> ஹாய் திவ்யா, மேனேஜர் வந்துவிட்டாரா? இந்த வாரத்தில் ரவுண்டு இருந்தால் சொல்லுங்கள், நேரம் ஒதுக்கிவைக்கிறேன்.

இதற்கும் பதில் இல்லை என்றால் ஒரு வாரம் விட்டு மூன்றாவது ஒன்று அனுப்பலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவதில் "இந்தப் பதவி நிரம்பிவிட்டதா? ஆம் என்றாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும்" என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லச் சங்கடப்பட்டு ஒதுங்கும் ரெக்ரூட்டர்கள் உண்டு. அவர்களுக்கு இது வழி திறந்துவிடும். "ஒருமுறையாவது பதில் சொல்லியிருக்கலாம்" என்ற வரி விரலில் வந்தால் அழித்துவிடுங்கள். அடுத்த வருடம் வேறு நிறுவனத்திலிருந்து அதே திவ்யா அழைக்கலாம்.

கன்சல்டன்சி மூலம் போயிருந்தால் கேள்வியைச் சற்று மாற்ற வேண்டும். அவர் கையில் முடிவு இல்லை, கிளையன்ட் சொன்னால்தான் அவருக்கே தெரியும். "கிளையன்ட் பக்கமிருந்து ஏதாவது வந்ததா?" என்று கேட்டால் அவர் மேல் பாரம் ஏறாது, பதிலும் சீக்கிரம் வரும்.

## 9. பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறினால்

வாட்ஸ்அப்பில் அவர் தொடங்கினால் மட்டும் நீங்களும் அங்கே எழுதுங்கள். மெயிலுக்குப் பதில் இல்லை என்று நீங்களாக வாட்ஸ்அப்பில் போனால், எவ்வளவு மென்மையாக எழுதினாலும் துரத்துவதாகத் தெரியும்.

அளவு இங்கே இன்னும் சுருங்கும். மெயிலின் மூன்று வாக்கியம் வாட்ஸ்அப்பில் ஒன்று அல்லது இரண்டு. கையொப்பம் தேவையில்லை. ஆனால் அவர் உங்கள் எண்ணைச் சேமித்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் செய்தியில் மட்டும் "கார்த்திக், டெஸ்டிங் இன்ஜினியர் பதவிக்கு" என்று ஒரு துண்டு இருக்கட்டும்.

"ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருப்பதுதான் இங்கே பெரிய பிழை. விஷயத்தையும் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்புங்கள். ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக உடைத்து அனுப்பினால் அவர் போன் நான்கு முறை அதிரும். ஃபாலோ-அப் செய்யும்போது, "வெள்ளிக்குள் சொல்கிறேன்" என்ற அவருடைய பழைய செய்தியை வலப்பக்கம் தள்ளி அதற்குப் பதிலாக எழுதுங்கள். செய்தியே மேலே தெரிவதால் நீங்கள் அதை நினைவூட்டி எழுத வேண்டியதில்லை: "திவ்யா, இதில் ஏதாவது தெரிந்ததா?" அவ்வளவு போதும். இரண்டு நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் அதைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.

## 10. தொனியைப் பின்பற்றக் கூடாத இடங்கள்

மூன்று இடங்களில் அவர் எவ்வளவு இலகுவாக எழுதினாலும் நீங்கள் முழு வாக்கியத்தில், மெயிலில் எழுத வேண்டும்: சம்பள எண், சேரும் தேதி, ஆஃபரை ஏற்பதும் மறுப்பதும். "11 ஓகேவா? 😊" என்று வாட்ஸ்அப்பில் வரும். "ஓகே" என்று பதில் போனால், 11 என்பது ஃபிக்ஸட் மட்டுமா, வேரியபிளும் சேர்த்தா என்பது ஆஃபர் லெட்டர் வரும்போதுதான் தெரியும். வாட்ஸ்அப்பில் "நன்றி திவ்யா, மெயிலில் பதில் தருகிறேன்" என்று ஒரு வரி. பிறகு மெயிலில்:

> ஹாய் திவ்யா, வாட்ஸ்அப்பில் பேசியபடி மொத்த சிடிசி 11 லட்சம், அதில் ஃபிக்ஸட் 10 லட்சம், வேரியபிள் 1 லட்சம் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். இது சரியென்றால் எனக்குச் சம்மதம். ஆஃபர் லெட்டர் வந்ததும் தற்போதைய நிறுவனத்தில் ராஜினாமா கொடுக்கிறேன்.

விளிப்பு பழையதுதான், அதனால் விறைப்பு இல்லை. எண்கள் முழுமையாக இருக்கின்றன. கடைசி வாக்கியம், லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா இல்லை என்பதைச் சண்டையில்லாமல் சொல்லிவிடுகிறது.

அவர் கோபமாகவோ அவசரப்படுத்தியோ எழுதும்போதும் பின்பற்ற வேண்டாம். "இன்றைக்குள் உறுதி செய்யாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்" என்று வந்தால், நீளத்தை மட்டும் அவர் அளவில் வைத்துக்கொண்டு, எப்போது பதில் சொல்ல முடியும் என்ற நேரத்தை மட்டும் எழுதுங்கள்: "நாளை மதியம் 12 மணிக்குள் உறுதியாகச் சொல்கிறேன், திவ்யா."

## 11. நடுவில் ரெக்ரூட்டர் மாறினால்

இது அடிக்கடி நடக்கும். திவ்யா வேறு பிரிவுக்கோ வேறு நிறுவனத்துக்கோ போயிருப்பார், புதியவர் ஒருவர் "இனி நான் பார்க்கிறேன்" என்று எழுதுவார். திவ்யாவோடு பழகிய இலகுத்தன்மை அவரோடு சேர்ந்து போய்விட்டது. புதியவரோடு அதைத் தொடர்ந்தால் அதிகப்பிரசங்கித்தனமாகப் படும். மறுபடியும் மூன்றாம் படியிலிருந்து அளவெடுங்கள்.

அந்த முதல் பதிலில் மட்டும் நீள விதியைத் தளர்த்தலாம். முந்தைய மெயில்களை அவர் படித்திருக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டு, முடிந்த ரவுண்டுகள், அவற்றின் தேதிகள், கடைசியாகச் சொல்லப்பட்டது ஆகியவற்றை வரிக்கு ஒன்றாக எழுதி, பழைய தொடரிலேயே அனுப்புங்கள். "திவ்யா உறுதி சொல்லியிருந்தார்" என்று எழுத வேண்டாம், "12-ஆம் தேதி மேனேஜர் ரவுண்டு முடிந்தது, அடுத்த ரவுண்டுக்குத் தேதி வர வேண்டியிருக்கிறது" என்று எழுதுங்கள். புதியவர் அதைத் தன் பட்டியலில் அப்படியே ஏற்றிக்கொள்வார்.